25-க்கு 25 சரி, ஆனாலும் சீனியர் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார்

புதுக்கணக்குப்பிள்ளை · திங்கள், இரவு 9:10

மயிலாப்பூரில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் ஆர்ட்டிகிள் பயிற்சியில் இருக்கிறேன். இது இரண்டாம் ஆண்டு. அம்பத்தூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கணினிக் கட்டுப்பாட்டுச் சோதனையை முதல்முறையாக என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களிடம் எஸ்ஏபி மென்பொருள் இருக்கிறது, ஹானா தரவுத்தளத்தில் ஓடுகிறது.

மூன்று பகுதிகள். மென்பொருள் மாற்றங்களுக்கு ஐடி துறைத் தலைவர் ஓர் எக்செல் தாள் கொடுத்தார். ஆண்டு முழுவதும் 184 மாற்ற டிக்கெட்டுகள். அதில் 25 எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் கோரிக்கை, ஒப்புதல், சோதனைச் சான்று எல்லாம் இருந்தன. வேலையை விட்டுப் போனவர்களின் பட்டியலை மனிதவளத் துறையிடம் வாங்கினேன். 62 பேர், எல்லாருடைய கணக்கும் பூட்டப்பட்டிருந்தது. பேக்கப்புக்கு 25 நாள்களின் மின்னஞ்சல் கேட்டேன். 25 அஞ்சலிலும் வெற்றி என்றே இருந்தது.

ஒரு பிழைகூட இல்லை என்று மகிழ்ச்சியாகத் தாளைக் கொடுத்தேன். சீனியர் மூன்று இடத்திலும் சிவப்பு மையில் ஒரே கேள்வியை எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். "இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது?"

ஐடி துறை கொடுத்தது என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் எங்கே தவறினேன்?

---

ஏழாம் வாய்ப்பாடு · திங்கள், இரவு 9:42

இதற்கா இவ்வளவு குழப்பம்? டேலியில் எடிட் லாக் இருக்கிறது. யார் எந்த வவுச்சரை எப்போது மாற்றினார் என்று அதுவே சொல்லிவிடும். எஸ்ஏபியிலும் அப்படி ஒன்று கண்டிப்பாக இருக்கும். அதை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள், வேலை முடிந்தது.

---

தாம்பரம் தணிக்கையாளர் · திங்கள், இரவு 10:25

ஐயா, நீங்கள் சொல்வது வவுச்சரில் நடக்கும் மாற்றம். தங்கை கேட்பது நிரலிலும் அமைப்புகளிலும் நடக்கும் மாற்றம். பதிந்த கணக்கைத் திருத்துவது ஒன்று, கணக்கு எப்படிப் பதிய வேண்டும் என்ற விதியையே திருத்துவது வேறொன்று. எடிட் லாக் முதலாவதைத்தான் காட்டும்.

தங்கைக்கு. பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் 25 பேரை எழுப்பி, "நீ வந்திருக்கிறாயா?" என்று கேட்டால் 25 பேரும் வந்திருப்பார்கள். டிக்கெட் பட்டியலிலிருந்து மாதிரி எடுப்பது அதுதான். டிக்கெட் போட்டவர்களிடம் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். டிக்கெட் போடாமல் மாற்றியவர் உங்கள் 184-இல் வரவே மாட்டார். நூறு மாதிரி எடுத்தாலும் இந்தச் சோதனை தோற்காது. தோற்க முடியாத சோதனை எதையும் நிரூபிப்பதில்லை.

பட்டியலை மனிதரிடம் கேட்காதீர்கள், கணினியிடம் கேளுங்கள். அன்றாட வேலை நடக்கும் புரொடக்‌ஷன் கணினியில் SE16 திறந்து E070 அட்டவணையைப் பாருங்கள். மாற்றங்களை எழுதும் டெவலப்மென்ட் கணினியிலிருந்து வந்த ஒவ்வொரு டிரான்ஸ்போர்ட்டும், அதாவது மாற்றங்களைக் கட்டி அனுப்பும் ஒவ்வொரு பொதியும், அங்கே ஒரு வரியாக இருக்கும். `STRKORR` காலியாக உள்ளவற்றை மட்டும் எடுங்கள், மற்றவை உள்வேலைகள். `SAPK` என்று தொடங்குபவை எஸ்ஏபி நிறுவனமே அனுப்பும் திருத்தத் தொகுப்புகள், அவற்றைத் தனியே வையுங்கள். எந்தத் தேதியில் புரொடக்‌ஷனுக்குள் போனது என்பதை `STMS`-இன் இம்போர்ட் வரலாற்றில் பாருங்கள், E070-இல் உள்ள தேதியை அதற்கு நம்ப வேண்டாம். அட்டவணையை இறக்கும்போது பக்கத்தில் நின்று, தேர்வுத் திரையையும் வரி எண்ணிக்கையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எக்செலில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எக்செலுக்கு வரும் வழியில் வரிகள் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இதை முதலில் செய்யுங்கள். மற்ற இரண்டும் இதே நோய்தான், பிறகு பேசலாம்.

---

எஸ்இ16 ரசிகன் · திங்கள், இரவு 11:05

மேடம் சொன்னதோடு ஒன்று. இன்னும் சுருக்கமான வழி இருக்கிறது. டிரான்ஸ்போர்ட் எண்ணின் முதல் மூன்று எழுத்து அது பிறந்த கணினியின் பெயர். டெவலப்மென்டில் பிறந்தால் `DEVK9...`, புரொடக்‌ஷனிலேயே பிறந்தால் `PRDK9...`. புரொடக்‌ஷனில் எதுவும் பிறக்கக் கூடாது. அதனால் E070-இல் இதை மட்டும் போடுங்கள்:

```
TRKORR   PRDK*
STRKORR  =
```

ஒரு வரியும் வரவில்லை என்றால் யாரும் நேரடியாகப் புரொடக்‌ஷனில் கை வைக்கவில்லை என்று எழுதிவிடலாம். எங்கள் அலுவலகத்தில் நான்கு வருடமாக இப்படித்தான் எழுதுகிறோம்.

---

ஓய்வுபெற்ற பேசிஸ் · செவ்வாய், காலை 6:20

நான்கு வருடமாகத் தவறாக எழுதியிருக்கிறீர்கள், தம்பி. கோபித்துக்கொள்ள வேண்டாம். இருபது ஆண்டு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

புரொடக்‌ஷன் கிளையன்ட், அதாவது கம்பெனியின் தரவும் அமைப்புகளும் இருக்கும் பகுதி, வழக்கமாக மாற்ற முடியாதபடி பூட்டியிருக்கும். அதைத் திறப்பது `SCC4`-இல். திறக்கும்போது இரண்டு விதமாகத் திறக்கலாம். மாற்றங்களைத் தானாகப் பதிவு செய் என்று திறந்தால், அமைப்பை மாற்றும்போது டிரான்ஸ்போர்ட் எண் கேட்கும், நீங்கள் சொல்லும் `PRDK` பிறக்கும். பதிவு செய்யாமல் மாற்ற விடு என்று திறந்தால் எண்ணே கேட்காது. எதுவும் பிறக்காது. E070 துடைத்துவைத்த தரைபோல் இருக்கும்.

அவசரத்தில் இருப்பவர் எந்த விதமாகத் திறப்பார் என்று நினைக்கிறீர்கள்? நானே இரண்டாவது விதமாகத்தான் திறந்திருக்கிறேன். திருட்டு எண்ணம் ஒன்றும் கிடையாது. டிரான்ஸ்போர்ட் எண் கேட்டு நிற்கும் பெட்டியைப் பார்த்தால் இரவு பதினொரு மணிக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான்.

எனவே பார்க்க வேண்டியது, கதவு எத்தனை முறை திறந்தது என்பதை. கிளையன்ட் அமைப்புகள் `T000` அட்டவணையில் இருக்கின்றன. அதன் மாற்ற வரலாறு `SCU3`-இல் கிடைக்கும். ஆனால் `rec/client` என்ற அளவுரு புரொடக்‌ஷனில் இயக்கத்தில் இருந்தால்தான் கிடைக்கும். `RZ11`-இல் பாருங்கள். `OFF` என்றிருந்தால் வரலாறே இல்லை. `SCC4` திரையில் கடைசியாக மாற்றியவர் பெயரும் தேதியும் மட்டும் மிஞ்சும்.

---

எஸ்இ16 ரசிகன் · செவ்வாய், காலை 9:50

பதிவு இல்லாமல் திறக்கும் விதத்தை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் E070 பார்ப்பது வீண் என்று சொல்லிவிட முடியாது. `PRDK` வந்தால் அது உறுதியான சான்றுதானே?

---

ஓய்வுபெற்ற பேசிஸ் · செவ்வாய், காலை 10:02

வந்தால் சான்று. வராவிட்டால் சான்று அல்ல. அதைத்தான் சொன்னேன்.

---

புதுக்கணக்குப்பிள்ளை · வியாழன், மாலை 7:35

இரண்டு நாள் அம்பத்தூரிலேயே இருந்தேன். எழுதுவதற்கு நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் E070. `DEVK` என்று தொடங்குபவை இந்த ஆண்டில் 231 உள்ளே போயிருக்கின்றன. டிக்கெட் 184. ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு மூன்று டிரான்ஸ்போர்ட் இருக்கலாம் என்பதால் எண்ணிக்கை வேறுபடுவதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை. டிரான்ஸ்போர்ட்டின் தலைப்பு `E07T`-இல் இருக்கிறது, அதில் டிக்கெட் எண்ணை எழுதும் வழக்கம் அவர்களிடம் இருக்கிறது. அதை வைத்து ஒன்றுக்கொன்று பொருத்தினேன். 219 பொருந்தின. 12 பொருந்தவில்லை.

அந்த 12-ஐ ஐடி துறைக்கு அஞ்சல் செய்தேன். மறுநாள் 9-க்கு டிக்கெட் எண் வந்தது. மீதி 3-க்கு "தேடுகிறோம்" என்றார்கள். 9 டிக்கெட்டுகளையும் திறந்து பார்த்தேன். இரண்டில் ஒப்புதல் தேதி ஆகஸ்ட் என்று இருந்தது, ஆனால் அவற்றின் வரிசை எண் இந்த வாரம் போட்ட டிக்கெட்டுகளுக்கு நடுவில் இருந்தது. தேதியைக் கையால் எழுதலாம், வரிசை எண்ணை அந்த மென்பொருள்தான் கொடுக்கிறது. நான் அஞ்சல் அனுப்பிய பிறகுதான் அவற்றை உருவாக்கியிருக்கிறார்கள். ஆக 231-இல் 5 மாற்றங்களுக்கு முன் ஒப்புதல் இல்லை. அந்த இரண்டைப் பற்றி நான் கேட்டபோது அங்கிருந்த பையன் முகம் வெளிறிப்போனது, எனக்கே பாவமாக இருந்தது.

அடுத்து `PRDK`. மூன்று வரிகள். மூன்றுக்கும் அவசர மாற்ற டிக்கெட் இருந்தது, ஒப்புதலும் இருந்தது.

அதன் பிறகு பேசிஸ் ஐயா சொன்ன `SCU3`. நல்லவேளை, `rec/client` இயக்கத்தில் இருந்தது. ஆண்டுக்குள் புரொடக்‌ஷன் கிளையன்ட் நான்கு முறை திறக்கப்பட்டிருக்கிறது. மூன்று, அந்த மூன்று `PRDK` பிறந்த நாள்கள். நான்காவது மார்ச் 31, மாலை 6:42-க்குத் திறந்து 6:55-க்கு மூடியிருக்கிறார்கள். பதிவு செய்யாமல் மாற்ற விடும் விதத்தில். திறந்தது `BASIS01` என்ற பொதுக் கணக்கு, அதன் கடவுச்சொல் மூன்று பேருக்குத் தெரியும்.

அந்தப் பதின்மூன்று நிமிடத்தில் என்ன மாறியது என்று அதே `SCU3`-இல் எல்லா அட்டவணைக்கும் ஓட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு வரி வந்தது, `T169G`.

சீனியரிடம் காட்டினேன். இந்த முறை சிரிக்கவில்லை, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

---

தாம்பரம் தணிக்கையாளர் · வியாழன், இரவு 8:15

உட்காரத்தான் செய்வார். சப்ளையர் இன்வாய்ஸின் விலை கொள்முதல் ஆணையின் விலையைவிட எத்தனை சதவீதம் வரை கூடலாம் என்ற வரம்பு `T169G`-இல்தான் இருக்கிறது. வரம்பைத் தாண்டினால் இன்வாய்ஸ் பதிவாகும், ஆனால் பணம் போகாமல் தடை விழும். பொருள் வாங்கும் கம்பெனியில் இதைவிட முக்கியமான தானியங்கிக் கட்டுப்பாடு அதிகம் கிடையாது. எந்த விசை, எவ்வளவிலிருந்து எவ்வளவு?

இரண்டு கேள்விகள் கூடவே. மாற்றிய பயனர் யார்? திறந்தவரும் மாற்றியவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. அடுத்து, ஏப்ரலிலும் `SCU3` பார்த்தீர்களா? மார்ச் 31-இல் மாற்றியதை யாராவது பிறகு பழையபடி வைத்திருந்தால் அது அடுத்த நிதியாண்டில் கிடக்கும். ஆண்டு முடிவோடு தேடலை நிறுத்துபவர்களுக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

---

புதுக்கணக்குப்பிள்ளை · வெள்ளி, மதியம் 1:20

விசை `PP`. 5 சதவீதம் 25 ஆகியிருக்கிறது.

ஏப்ரலைப் பார்க்கவில்லை, இன்று காலை பார்த்தேன். ஏப்ரல் 2, காலை 11:10-க்கு மறுபடி திறந்து பத்து நிமிடத்தில் மூடியிருக்கிறார்கள். 25 மறுபடியும் 5 ஆகிவிட்டது. இன்று யார் அந்தத் திரையைத் திறந்து பார்த்தாலும் 5 என்றுதான் இருக்கும். ஏப்ரல் 10-இல் அதைத்தான் நானும் படம் எடுத்துக் கோப்பில் வைத்திருந்தேன், வரம்பு சரியாக இருக்கிறது என்று குறிப்பும் எழுதியிருந்தேன்.

மாற்றிய பயனர் `FIN_CON2`. இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. அவர் வெளியிலிருந்து வந்த கன்சல்டன்ட். ஒப்பந்தம் ஜனவரியில் முடிந்துவிட்டது. மனிதவளத் துறை கொடுத்த 62 பேரில் அவர் இல்லை, ஏனென்றால் அவர் அவர்களுடைய ஊழியரே அல்ல. `USR02`-இல் அவருடைய கணக்கைப் பார்த்தேன். முடிவுத் தேதி `GLTGB` காலி. பூட்டு `UFLAG` 0. கடைசியாக உள்ளே வந்த நாள் `TRDAT` ஏப்ரல் 2.

ஆக அவர் வந்தாரா, அவர் பெயரில் வேறு யாராவது வந்தார்களா?

---

கிண்டி கன்ட்ரோலர் · வெள்ளி, மதியம் 2:05

நான் கம்பெனிப் பக்கத்தில் நிதித்துறையில் இருப்பவன், இந்தக் கம்பெனி அல்ல. தணிக்கையாளர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு துப்பறியும் கதை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்கிறேன்.

மார்ச் 31 என்றால் எங்களுக்கு என்ன தெரியுமா? வருமான வரிச் சட்டம் 1961-இன் 43பி(எச்) வந்த பிறகு, குறு, சிறு சப்ளையர்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காமல் ஆண்டு முடிந்துவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டில் கழிக்க முடியாது. உருக்கு விலை ஏறியிருக்கும். கொள்முதல் துறை ஆணையில் விலையைத் திருத்தியிருக்காது, அவர்கள் எப்போதுதான் திருத்தியிருக்கிறார்கள்? இன்வாய்ஸ் வந்தவுடன் தடை விழும். ஒவ்வொன்றாகத் தடை நீக்க ஆள் இல்லை. யாரோ ஒருவர் ஐடிக்குப் போன் செய்து, "இரண்டு நாளைக்கு வரம்பை ஏற்றிவிடு" என்றிருப்பார். பணம் உரிய சப்ளையருக்கே போயிருக்கும். இதில் என்ன மோசடி?

---

தாம்பரம் தணிக்கையாளர் · வெள்ளி, மாலை 5:40

மோசடி என்று இங்கே யாரும் சொல்லவில்லை, சார். நீங்கள் சொன்ன காரணம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வரம்பு ஏறியது அந்தச் சிறு சப்ளையர்களுக்கு மட்டும் அல்ல, அந்தக் கம்பெனிக் குறியீட்டில் பதிவான எல்லா இன்வாய்ஸுக்கும். 24 சதவீதம் அதிகமாகக் கேட்ட பெரிய சப்ளையரும் அதே கதவு வழியாகத்தான் போயிருப்பார். அதைத் தெரிந்தே போன் செய்தார்களா?

தங்கை, அடுத்த வேலை உங்களுக்குத் தெளிவாக இருக்கிறது. மார்ச் 31 மாலை 6:42-இலிருந்து ஏப்ரல் 2 காலை 11:20 வரை பதிவான சப்ளையர் இன்வாய்ஸ்களை `RBKP`-இலிருந்து எடுங்கள். வரிகளை `RSEG`-இலிருந்து எடுத்து, கொள்முதல் ஆணை விலையோடு ஒப்பிடுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு உள்ளவை மட்டும் போதும். மாதிரி வேண்டாம், அத்தனையையும் பாருங்கள். இரண்டு நாள்தானே.

கன்சல்டன்ட் கணக்கைப் பொறுத்தவரை, `SM20` பாதுகாப்புப் பதிவு இயங்கிக்கொண்டிருந்தால் எந்தக் கணினியிலிருந்து உள்ளே வந்தார் என்று தெரியும். அம்பத்தூர் அலுவலகக் கணினியின் பெயர் வந்தால், ஜனவரியிலேயே போன மனிதர் மேல் பழி போடாதீர்கள்.

---

எஸ்இ16 ரசிகன் · வெள்ளி, மாலை 6:30

எனக்கு இன்னொரு சந்தேகம். கம்பெனிகள் சட்டத்தின்கீழ் தணிக்கையாளர் விதி 11(ஜி) இருக்கிறதே, மாற்றத் தடம் ஆண்டு முழுவதும் இயங்கியதா என்று அறிக்கையில் சொல்ல வேண்டுமே. இதை அங்கேயும் எழுத வேண்டியிருக்குமா?

---

தாம்பரம் தணிக்கையாளர் · வெள்ளி, மாலை 6:48

என் கருத்தில் இல்லை. தடம் இயங்கியதால்தானே நாம் இதைக் கண்டுபிடித்தோம். இது 143(3)(ஐ)-இன் கீழ் வரும் உள்நிதிக் கட்டுப்பாட்டுக் கேள்வி. ஆனால் பொதுக் கணக்கில் நடந்த மாற்றத்தில் "யார்" என்பதே தெரியாதபோது அதை முழுத் தடம் என்று சொல்ல முடியுமா என்று என் பங்குதாரரே என்னிடம் சண்டை போடுவார். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

---

ஏழாம் வாய்ப்பாடு · வெள்ளி, இரவு 9:15

டேலியில் இதெல்லாம் கிடையாது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

---

ஓய்வுபெற்ற பேசிஸ் · சனி, காலை 6:05

எல்லாரும் மார்ச் 31 பின்னாலேயே போய்விட்டீர்கள். அந்தப் பெண் கேட்ட மூன்றாவது விஷயம் அப்படியே கிடக்கிறது. பேக்கப் மின்னஞ்சல் 25, எல்லாம் வெற்றி. அம்மா, பேக்கப் தோற்ற இரவில் அந்த அஞ்சல் வருமா என்று கேட்டீர்களா? பல இடங்களில் வேலை முடிந்தால்தான் அஞ்சல் போகும், பாதியில் நின்றால் எதுவும் போகாது. வந்த அஞ்சல்களிலிருந்து 25 எடுத்தால் 25-உம் வெற்றியாகத்தான் இருக்கும். மேடம் சொன்ன வருகைப் பதிவேடுதான் இதுவும்.

ஹானாவில் தரவுத்தளமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இதை ஓட்டச் சொல்லுங்கள்:

```sql
SELECT ENTRY_TYPE_NAME, SYS_START_TIME,
       UTC_START_TIME, STATE_NAME
FROM M_BACKUP_CATALOG
WHERE ENTRY_TYPE_NAME = 'complete data backup'
ORDER BY SYS_START_TIME;
```

தோற்றவையும் இதில் வரும். தேதிகளை வரிசையாக வைத்து எந்த நாள் இல்லை என்றும் பாருங்கள், தொடங்கவே இல்லாத பேக்கப் தோற்றதாகக்கூட வராது. அவர்கள் வாரம் ஒருமுறை முழு பேக்கப்பும் மற்ற நாள்களில் மாறியதை மட்டும் எடுப்பதும் வழக்கமாக வைத்திருந்தால் அந்த வடிகட்டியில் `differential data backup`, `incremental data backup` இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வாரத்தில் ஆறு நாள் காணவில்லை என்று பயந்துவிடுவீர்கள். நேரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. `UTC` நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். இங்கே அதிகாலை 2 மணிக்கு ஓடியது அங்கே முந்தைய நாள் 20:30 என்று நிற்கும். அதை மட்டும் வைத்து எண்ணினால் மார்ச் 31 பேக்கப் மார்ச் 30-க்குப் போய்விடும். பழைய வரிகளை அவர்கள் அழித்துவிட்டிருந்தால் ஆண்டு முழுவதும் கிடைக்காது. அப்போது கிடைக்கும் மாதங்களைத்தான் சோதிக்க முடியும், மற்றதைச் சோதிக்கவில்லை என்று எழுதுங்கள்.

வெற்றி என்ற சொல்லையும் நம்பாதீர்கள். 2015 டிசம்பரில் ஈக்காட்டுத்தாங்கலில் நான் வேலை பார்த்த இடத்தில் அடையாற்றுத் தண்ணீர் தரைத்தளத்துக்குள் வந்தது. சர்வர் அங்கேதான் இருந்தது. டேப்புகளை மாடியில் வைத்திருந்தோம், நனையவில்லை, எல்லாரும் கைதட்டாத குறை. புதுக் கணினியில் மீட்டுப் பார்த்தால் ஜனவரி மாதத் தரவு வருகிறது. ஜனவரியில் வட்டு நிரம்பிவிட்டது என்று தரவுக் கோப்புகளை வேறு வட்டுக்கு மாற்றியிருந்தோம். பேக்கப் வேலை பழைய அடைவையே நகலெடுத்துக்கொண்டிருந்தது, பதினொரு மாதம், ஒவ்வொரு இரவும் வெற்றி. அளவு ஒரு பைட்கூட மாறாமல் வந்துகொண்டிருந்ததை நான் பார்த்திருக்க வேண்டும். வளரும் கம்பெனியின் பேக்கப் அளவு ஒரே மாதிரி இருக்காது. மாற்றியவனும் நான்தான், பேக்கப்பைப் பார்த்துக்கொண்டவனும் நான்தான்.

கடைசியாக மீட்டுப் பார்த்தது எப்போது என்று கேளுங்கள். நகல் எங்கே இருக்கிறது என்றும். 2023 டிசம்பர் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும்.

---

எஸ்இ16 ரசிகன் · சனி, காலை 8:30

நகல் பற்றிச் சட்டமும் பேசுகிறது. 2022 ஆகஸ்டில் கணக்கு விதிகளைத் திருத்தினார்கள். மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் நாள்தோறும் வைக்கப்பட வேண்டும். முன்பு அவ்வப்போது என்று இருந்தது. அதனால் ஒரு நாள் தவறினாலும் வெறும் கட்டுப்பாட்டுக் குறை என்று விட்டுவிட முடியாது. இது சரியா, மேடம்? இந்த முறையாவது?

---

தாம்பரம் தணிக்கையாளர் · சனி, காலை 9:10

இந்த முறை முழுக்கச் சரி.

---

புதுக்கணக்குப்பிள்ளை · புதன், இரவு 9:50

நடந்ததை எழுதுகிறேன்.

அந்த இரண்டு நாளில் 148 சப்ளையர் இன்வாய்ஸ் பதிவாகியிருந்தது. 5 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு உள்ளவை 17. அதில் 14 குறு, சிறு சப்ளையர்கள், கிண்டி சார் சொன்னபடியே உருக்கு விலை. பணம் அன்றிரவே போயிருக்கிறது, விலை உயர்வுக்கு சப்ளையரிடமிருந்து ஜனவரி, பிப்ரவரிக் கடிதங்களும் இருக்கின்றன. மீதி 3 ஒரே சப்ளையருடையவை, பேக்கிங் பொருள், 19 முதல் 23 சதவீதம் வரை அதிகம். அதற்குக் கடிதம் எதுவும் இல்லை. கொள்முதல் மேலாளர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டதாகச் சொல்கிறார்.

`SM20`-இல் கணினிப் பெயர் வந்தது. நிதித்துறையில் ஒருவருடைய மேசைக் கணினி. கன்சல்டன்ட் போகும்போது கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், "வசதிக்காக". எல்லா வெளிக் கணக்குகளையும் கொள்முதல் துறையின் ஒப்பந்தப் பட்டியலோடு ஒப்பிட்டேன். இன்னும் இரண்டு திறந்திருந்தன, ஆனால் ஒப்பந்தம் முடிந்த பிறகு யாரும் உள்ளே வரவில்லை.

பேக்கப் பட்டியலில் எட்டு மாதம்தான் இருந்தது. அதில் 6 இரவுகள் தோல்வி, அந்த 6-க்கும் அஞ்சல் இல்லை. மீட்டுப் பார்த்தது கடைசியாக எப்போது என்று கேட்டதற்கு யாருக்கும் தேதி நினைவில்லை.

இப்போது அலுவலகத்தில் விவாதம் வேறு. 17 இன்வாய்ஸையும் பார்த்துவிட்டோம், பண பாதிப்பு சிறியது, அதனால் இது சாதாரணக் குறை என்கிறார் ஒரு மேலாளர். சீனியர் ஒப்புக்கொள்ளவில்லை.

---

கிண்டி கன்ட்ரோலர் · புதன், இரவு 10:20

மேலாளர் சொல்வதுதான் நியாயம். 14-க்குக் கடிதம் இருக்கிறது. 3-க்கு விசாரித்துக்கொள்ளட்டும்.

---

தாம்பரம் தணிக்கையாளர் · புதன், இரவு 10:55

எவ்வளவு பாதித்தது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு பாதித்திருக்க முடியும் என்பது இன்னொன்று. குறையின் அளவை இரண்டாவதை வைத்துத்தான் எடை போட வேண்டும். போன ஆளின் கணக்கு, மூன்று பேருக்குத் தெரிந்த கடவுச்சொல், பதிவில்லாமல் திறக்கும் கதவு, மூன்றும் ஒரே மாலையில் சேர்ந்திருக்கின்றன. ஆண்டுக்குள் கதவு நான்கு முறைதான் திறந்தது, ஒவ்வொன்றிலும் என்ன மாறியது என்று பதிவு இருக்கிறது என்பது அவர்களுக்குச் சாதகம். நானாக இருந்தால் குறிப்பிடத்தக்க குறை என்று எழுதுவேன், அதற்கு மேல் போவேனா என்பதை அந்த 3 இன்வாய்ஸுக்கு வரும் பதிலைப் பார்த்துத்தான் சொல்வேன். வேறு தணிக்கையாளர் வேறு முடிவுக்கு வரலாம்.

---

புதுக்கணக்குப்பிள்ளை · வியாழன், காலை 8:40

சனிக்கிழமை பேக்கப்பை மீட்டுக் காட்டுவதாக ஐடி துறைத் தலைவர் சொல்லியிருக்கிறார். நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன். மார்ச் 31 இறுதி இருப்புகளின் அச்சை எடுத்துப் போகிறேன், மீட்டதில் அதே எண்கள் வருகின்றனவா என்று பார்க்க.

---

ஓய்வுபெற்ற பேசிஸ் · வியாழன், காலை 9:00

எந்தக் கணினியில் மீட்கப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள், அம்மா. புரொடக்‌ஷன் மேலேயே மீட்டுவிடப் போகிறார்கள்.

---

புதுக்கணக்குப்பிள்ளை · வெள்ளி, மாலை 6:15

கேட்டேன், ஐயா. சோதனைக் கணினியில்தானாம். ஆனால் அதன் வட்டில் இடம் போதவில்லை என்று இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். புது வட்டு வாங்க ஒப்புதல் கேட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை அடுத்த சனிக்கிழமை ஆகிவிட்டது.